உடன்நிகழ் மொழிபெயர்ப்பும் மூளைச் சுமையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டு மொழியும் சரளமாகத் தெரிந்தால் போதாதா?

போதாது. உடன்நிகழ் மொழிபெயர்ப்பு என்பது பேச்சாளர் பேசிக்கொண்டிருக்கும்போதே அதை வேறு மொழியில் சொல்லிக்கொண்டே போவது. ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். செய்தி வாசிப்பு ஒன்றை ஹெட்போனில் கேட்டபடியே, அதே மொழியில் அதே சொற்களைப் பின்தொடர்ந்து சொல்லுங்கள். பத்து நிமிடப் பழக்கத்தில் ஓரளவு வந்துவிடும். இப்போது அதையே வேறு மொழியில் சொல்லிப் பாருங்கள். மூன்றாவது வாக்கியத்தில் வாய் நின்றுவிடும்.

இதை 1995இல் ஃபின்லாந்தில் யுக்கா ஹியோனாவும் கூட்டாளிகளும் கண்மணியை வைத்து அளந்தார்கள். மனம் கடினமாக உழைக்கும்போது கண்மணி விரியும் என்பது பழைய கண்டுபிடிப்பு. மொழிபெயர்ப்பு மாணவர்கள் சும்மா கேட்டபோது அது மிகக் குறைவாக விரிந்தது; அதே மொழியில் பின்தொடர்ந்து சொன்னபோது கூடியது; மொழிபெயர்த்தபோது இன்னும் கூடியது. ஒரே நேரத்தில் கேட்டுப் பேசுவது ஒரு பாரம். அதன்மேல் சொல்லை மாற்றி, வாக்கியத்தைப் புரட்டி அடுக்குவது இன்னொரு பாரம்.

உண்மையிலேயே ஒரே நேரத்தில்தான் கேட்டுப் பேசுகிறார்களா? பேச்சாளர் மூச்சு விடும் இடைவெளியில் சொல்லிவிடுகிறார்கள் என்கிறார்களே?

இந்தச் சந்தேகம் ஆராய்ச்சியாளர்களுக்கே இருந்தது. பேச்சில் நிறைய மௌனம் உண்டு, அதில் புகுந்து சொல்லிவிட்டால் இரண்டு வேலையும் மோதாது என்று ஒரு கருத்து 1960களிலும் 70களிலும் பேசப்பட்டது. டேவிட் ஜெர்வர் ஒலிப்பதிவுகளை அளந்து பார்த்தபோது அது எடுபடவில்லை. பேச்சாளரின் இடைவெளிகளில் பெரும்பாலானவை ஒரு சொற்றொடரைக்கூட முடிக்கப் போதாதவை. மொழிபெயர்ப்பாளர் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நேரம் நிஜமாகவே கேட்டுக்கொண்டே பேசுகிறார்.

அவர் பேசுவது இப்போது காதில் விழுவதை அல்ல, சற்று முன் விழுந்ததை. இந்தப் பின்தங்கலைக் காது-குரல் இடைவெளி என்பார்கள். சராசரியாக 2 முதல் 4 வினாடி. சிக்கலான இடங்களில் இது 10 வினாடி வரை நீள்வதும் பதிவாகியிருக்கிறது.

அந்த இடைவெளியைக் குறைத்துக்கொண்டால் நினைவில் வைக்க வேண்டியதும் குறையுமே?

குறையும், ஆனால் வேறு பக்கம் இடிக்கும். மிக ஒட்டிப் போனால் பொருள் முழுதாக வருவதற்குள் வாயைத் திறந்தாக வேண்டும். சொல்லுக்குச் சொல் போட்டு, பாதியில் வாக்கியம் முட்டுச்சந்தில் நிற்கும். மிகப் பின்தங்கினால் வாக்கியம் அழகாக வரும், ஆனால் கையிலிருக்கும் சரக்கு வழியும்.

எவ்வளவு கேட்ட பிறகு வாயைத் திறக்கிறார்கள் என்று ஃப்ரீடா கோல்ட்மன்-ஐஸ்லர் 1972இல் பார்த்தார். பெரும்பாலும் ஒரு பயனிலையாவது காதில் விழும்வரை காத்திருக்கிறார்கள். அதாவது, வினைச்சொல் வரவேண்டும். தமிழில் வேலை செய்பவருக்கு இதைப் படித்ததும் வயிற்றைக் கலக்கும். ஏன் என்பது கீழே வருகிறது.

'அறிதல் சுமை' என்று எதைச் சொல்கிறார்கள்? களைப்பா?

களைப்பு வேறு. களைப்பு மெல்ல ஏறுவது. சுமை வினாடிக்கு வினாடி ஏறி இறங்குவது. அந்தந்தக் கணத்தில் வேலை கேட்கும் கவனம் எவ்வளவு, உங்களிடம் இருப்பது எவ்வளவு என்ற கணக்கு அது.

இத்துறையில் அதிகம் புழங்குவது பிரெஞ்சு ஆய்வாளரும் மொழிபெயர்ப்பாளருமான டேனியல் ஜீல் போட்ட கணக்கு. கேட்டுப் புரிந்துகொள்ளும் உழைப்பு, சொல்லும் உழைப்பு, இடையில் நினைவில் தாங்கும் உழைப்பு, இம்மூன்றுக்கும் கவனத்தைப் பங்கிடும் உழைப்பு. நான்கும் ஒரே பானையிலிருந்துதான் எடுத்துச் சாப்பிடுகின்றன. ஒன்று அதிகம் எடுத்தால் இன்னொன்றுக்கு இல்லை.

ஜீல் இதற்கு மேல் ஒன்று சொன்னார். நல்ல மொழிபெயர்ப்பாளர்கூடப் பெரும்பாலான நேரம் பானையின் அடிமட்டத்தில்தான் நிற்கிறார். கழைக்கூத்தாடி கயிற்றின்மேல் நிற்பதுபோல. இதைச் சோதிக்க 1999இல் 10 தொழில்முறை மொழிபெயர்ப்பாளர்களை ஒரே உரையை இரண்டு முறை மொழிபெயர்க்கச் சொன்னார். இரண்டாம் முறை உரை பழகிவிட்டது, ஆகவே தவறு குறைய வேண்டும். பல இடங்களில் குறைந்தது. ஆனால் முதல் தடவை சரியாகச் சொன்ன சில இடங்களை இரண்டாம் தடவை கோட்டைவிட்டார்கள். அந்த இடம் கடினமாக இருந்தால் முதல் தடவையே தவறியிருக்க வேண்டும். ஆளுக்குத் தெரியாத விஷயம் என்றாலும் அப்படியே. தெரிந்தது, எளியது, ஒருமுறை சரியாகச் சொன்னது, இருந்தும் தவறியது. அந்தக் கணத்தில் பானையில் எதுவும் மிச்சமில்லை என்பதே இதற்கு ஜீல் சொன்ன விளக்கம்.

சிறிய ஆய்வுதான். உழைப்புகளைத் தனித்தனியே எடைபோட இந்தக் கணக்கில் தராசும் கிடையாது. ஆனால் மொழிபெயர்ப்பாளர் உட்கார்ந்து பேசும் சிறு அறையான பூத்தில் உட்கார்ந்தவர்கள் யாரும் இதை மறுத்து நான் கேட்டதில்லை.

தமிழில் வினை கடைசியில் வருகிறது. ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும்போது அது எவ்வளவு தொல்லை?

இந்தப் பக்கத்திலேயே நான் அதிக இடம் கொடுக்க நினைத்த கேள்வி இது. ஒரு வாக்கியத்தை எடுத்து வினாடி வினாடியாகப் பார்ப்போம். வாக்கியம் நான் உருவாக்கியது. வேகம் வினாடிக்கு இரண்டு சொல் என்று வைத்துக்கொள்வோம்.

"வறட்சி பாதித்த மாவட்டங்களுக்கு முதல் கட்டமாக முப்பத்து நான்கு லட்சம் டன் தானியம் அனுப்பலாம் என்று நிபுணர் குழு போன மாதம் கொடுத்த பரிந்துரையை எங்கள் அமைப்பு ஏற்கவில்லை. காரணம் மூன்று: கிடங்கு, போக்குவரத்து, காலம்."

ஆங்கில வாக்கியம் எழுவாயில் தொடங்கி உடனே வினையைக் கேட்கும். அதாவது 'எங்கள் அமைப்பு ஏற்கவில்லை' என்பது முதலில் வரவேண்டும். தமிழில் அது வருவதோ பத்தாவது வினாடியில். இலக்கணப்படி அழகான ஆங்கில வாக்கியம் வேண்டுமென்றால் பத்து வினாடி வாய்மூடி, மாவட்டம், கட்டம், எண், தானியம், குழு, மாதம், பரிந்துரை அத்தனையையும் தலைகீழ் வரிசையில் வைத்துக்கொள்ள வேண்டும். யாராலும் முடிகிற காரியமில்லை. கேட்பவரும் ஹெட்போன் பழுதாகிவிட்டதோ என்று கழற்றிப் பார்ப்பார்.

ஆகவே காத்திருப்பது தவிர மூன்று வழிகள் உண்டு. ஒன்று, பொருளில்லாத தொடர் எதையாவது சொல்லி நேரம் கடத்துவது: 'வறட்சி மாவட்டங்கள் விஷயத்துக்கு வருகிறேன்' என்பதுபோல. இரண்டு, வாக்கியத்தை வெட்டித் துண்டாக்குவது. மூன்று, வரப்போகும் வினையை ஊகித்து முன்கூட்டியே சொல்லிவிடுவது.

அனுபவசாலி பெரும்பாலும் இரண்டாவதை எடுப்பார். 'மாவட்டங்களுக்கு' என்பது காதில் விழுந்து இரண்டு வினாடியில் அவர் தொடங்கிவிடுவார். அவர் ஆங்கிலத்தில் சொல்வதன் வடிவத்தைத் தமிழில் எழுதினால் இப்படி இருக்கும்: 'வறட்சி மாவட்டங்களைப் பொறுத்தவரை, ஒரு யோசனை வந்தது. முதல் கட்டமாக 34 லட்சம் டன் தானியம் அனுப்பலாம் என்பது அது. நிபுணர் குழு போன மாதம் அதைப் பரிந்துரைத்தது. எங்கள் அமைப்பு அதை ஏற்கவில்லை.' ஒரு வாக்கியம் நான்காயிற்று. வரிசை புரளவில்லை, நினைவில் தாங்க வேண்டியது மிகக் குறைவு.

'யோசனை' என்ற சொல்லைக் கவனியுங்கள். அந்த நேரத்தில் அது பரிந்துரையா, கோரிக்கையா, வதந்தியா என்று அவருக்கே தெரியாது. எல்லாவற்றுக்கும் பொருந்தும்படி ஒரு மொட்டைச் சொல்லைப் போட்டு வைக்கிறார். இந்தத் திறமையைப் பயிற்சியில்தான் கற்கிறார்கள்.

மூன்றாவது வழியான ஊகத்துக்குத் தமிழ் பாதி உதவி செய்யும், பாதி கழுத்தறுக்கும். 'பரிந்துரையை' என்ற ஐ-உருபு வந்ததுமே செயப்படுபொருள் குன்றாவினை ஒன்று வரப்போகிறது என்று தெரிந்துவிடும்: ஏற்பது, நிராகரிப்பது, வரவேற்பது. ஆனால் ஏற்றார்களா இல்லையா என்பது 'ஏற்-' என்ற பகுதி தாண்டி, '-கிறது' அல்லது '-கவில்லை' என்ற கடைசி அசைகளில்தான் இருக்கிறது. முன்கூட்டிப் பாய்ந்தவர் அங்கே மாட்டினால் பிழை சிறியதாக இருக்காது, எதிர்ப்பொருளே வந்துவிடும். வினையை ஊகி, எதிர்மறையை ஊகிக்காதே என்று பழகுபவர்களுக்கு நான் சொல்வதுண்டு.

அப்படித் துண்டாக்கிவிட்டால் சிக்கல் தீர்ந்ததுதானே?

தீரவில்லை, தள்ளிப்போடப்பட்டது. மேலே உள்ள நான்கு துண்டுகளைச் சொல்ல மூல வாக்கியத்தைவிட அதிகச் சொற்கள் தேவை. பேச்சாளர் 'ஏற்கவில்லை' என்று பத்தாவது வினாடியை ஒட்டி முடிக்கும்போது மொழிபெயர்ப்பாளர் இன்னும் குழுவையும் போன மாதத்தையும் சொல்லிக்கொண்டிருப்பார். அவர் 'எங்கள் அமைப்பு அதை ஏற்கவில்லை' என்று முடிக்கும்போது பதினான்காவது வினாடி. அதற்குள் பேச்சாளர் கிடங்கு, போக்குவரத்து, காலம் மூன்றையும் சொல்லி முடித்துவிட்டார். வெறும் ஐந்து சொல், இரண்டரை வினாடி.

கேட்பவர் காதில் என்ன விழும்? கடினமான நீண்ட வாக்கியம் சுத்தமாக வந்தது. குழந்தைகூடச் சொல்லக்கூடிய பட்டியலில் 'காலம்' காணாமல் போனது. 'இவ்வளவு எளிதானதை விட்டுவிட்டாரே, கவனமில்லை' என்பார்கள். உண்மையில் அவர் கவனம் முழுவதும் முந்தைய வாக்கியத்தைக் கரை சேர்ப்பதில் இருந்தது.

சுமையை ஒரு வாக்கியம் அடுத்த வாக்கியத்துக்கு ஏற்றுமதி செய்கிறது. மொழிபெயர்ப்பின் ஒலிப்பதிவைத் திருத்துபவர்கள் அடிக்கடி செய்யும் தவறு, பிழை விழுந்த இடத்திலேயே காரணத்தைத் தேடுவது. 'காலம் என்ற சொல் தெரியாதா?' என்று கேட்பதில் பயனில்லை. நான்கைந்து வினாடி பின்னால் போய், அங்கே எண்ணோ, பெயரோ, நீண்ட பெயரெச்சத் தொடரோ இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு தடங்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக நேரத்தோடு வைத்துப் பார்த்தால், பிழைக்கு முன்னால் காது-குரல் இடைவெளி நீண்டுகொண்டே வந்திருப்பது கண்ணுக்குத் தெரியும்.

வினை கடைசியில் வருவதுதான் காரணம் என்று யாராவது நிரூபித்திருக்கிறார்களா?

தமிழில் அல்ல, ஜெர்மனில். அங்கும் துணை வாக்கியங்களில் வினை கடைசிக்குப் போகும். ஜெனீவாவில் கிலியன் சீபரும் டிர்க் கெர்ட்சலும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், தொழில்முறை மொழிபெயர்ப்பாளர்கள் ஜெர்மனிலிருந்து ஆங்கிலத்துக்குப் பெயர்க்கும்போது கண்மணியை அளந்தார்கள். வினை முன்னால் வந்த வாக்கியங்களைவிட, கடைசியில் வந்த வாக்கியங்களில் கண்மணி அதிகம் விரிந்தது. அதுவும் வாக்கியத்தின் முடிவை நெருங்கும்போது. தொடர்ச்சியான உரைக்குள் அதே வாக்கியங்களை வைத்தபோது சுமை குறையும் போக்கு தெரிந்தது. என்ன வரும் என்று சூழல் சொல்லிக்கொடுத்துவிடுகிறது.

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வரும்போது நிலைமை தலைகீழ். வினை முதலிலேயே கிடைத்துவிடும், அதைக் கடைசிவரை தாங்க வேண்டும். அதற்கு நம் மொழி ஒரு வாசல் வைத்திருக்கிறது: 'குழு சொல்வது இதுதான்' என்று முன்னாலேயே இறக்கிவைத்துவிட்டு மேலே போகலாம். எழுத்தில் கொஞ்சம் மொத்தையாக இருக்கும், காதுக்கு உறுத்தாது.

எண் வந்தால் மட்டும் ஏன் தடுமாறுகிறார்கள்?

எண்ணை ஊகிக்க முடியாது. 'வறட்சி பாதித்த' என்றதும் அடுத்து மாவட்டமோ மக்களோ வரும் என்று மனம் தயாராகும். 'முப்பத்து' என்றதற்கு அடுத்து நான்கா ஏழா என்று எந்தச் சூழலும் சொல்லாது. வேறு சொல்லாக மாற்றிச் சுருக்கவும் முடியாது, அப்படியே தாங்க வேண்டும். தாங்கும்போது நாமே பேசிக்கொண்டிருக்கிறோம். நம் குரலே அந்த எண்ணை உள்ளுக்குள் திரும்பச் சொல்லிப் பார்க்க விடாது. உளவியல் சோதனைகளில் ஒருவரை வேண்டுமென்றே ஏதாவது முணுமுணுக்க வைத்து நினைவைக் குறைப்பார்கள். மொழிபெயர்ப்பாளருக்கு அதுதான் நாள் முழுக்க வேலை.

தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் இடையில் ஒரு கூடுதல் படி உண்டு. 34 லட்சம் என்பது 3.4 மில்லியன். இலக்கமிடும் முறையே வேறு என்பதால் புள்ளியை நகர்த்த வேண்டும். அவசரத்தில் 34 மில்லியன் என்று வந்துவிடும். இலக்கங்கள் சரி, அளவு பத்து மடங்கு. 35 லட்சம் என்று தவறுவதைவிட இது பல மடங்கு மோசம், கேட்பவர் கண்டுபிடிக்கவும் வழியில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சக மொழிபெயர்ப்பாளர் தாளில் எண்ணை எழுதி நகர்த்துவது இதனால்தான். அவர் மாற்றிய வடிவத்திலேயே எழுதினால் உபகாரம். கேட்டபடி எழுதினால் பாதி உபகாரம்.

கண்மணியை அளந்தால் சுமை தெரிந்துவிடுமா?

ஓரளவுதான். வெளிச்சம் மாறினாலே கண்மணி மாறும், பதற்றத்திலும் விரியும். வினைபுரிய ஒரு வினாடி அளவு தாமதம் இருப்பதால் எந்தச் சொல்லுக்கான விரிவு இது என்று பிரிப்பது கடினம். ஆகவே ஆய்வுக்கூடத்தில், ஒரே அளவு வெளிச்சத்தில், கவனமாகக் கட்டமைத்த வாக்கியங்களோடு செய்கிறார்கள். அது நிஜக் கூட்டமல்ல.

இன்னொரு வழி எளிமையானது: 'உம்', 'அ…' என்ற தயக்க ஒலிகளை எண்ணுவது. குன் ப்ளெவூட்ஸும் பார்ட் டெஃப்ராங்கும் ஐரோப்பிய நாடாளுமன்ற உரைகளின் தொகுப்பில் இதைச் செய்தார்கள். மூல உரையில் பொருள் சுமந்த சொற்கள் அடர்த்தியாக இருக்கும்போது மொழிபெயர்ப்பாளரின் தயக்க ஒலியும் கூடுகிறது. எனக்கு இந்த வழிதான் பிடிக்கும். கருவி வேண்டாம், ஆளைத் தொந்தரவு செய்ய வேண்டாம்.

அவர்களுக்கு அபார ஞாபகசக்தி இருக்குமோ?

இரண்டு ஆய்வுகள் இரண்டு விதமாகச் சொல்கின்றன. 2006இல் இங்கிரிட் கிறிஸ்டோஃபல்ஸ் குழு நெதர்லாந்தில் மொழிபெயர்ப்பாளர்களை, ஆங்கிலத்தில் அதே அளவு தேர்ச்சி பெற்ற ஆசிரியர்களோடு ஒப்பிட்டது. நினைவுச் சோதனைகளில் மொழிபெயர்ப்பாளர்கள் முந்தினார்கள். ஆனால் 2004இல் மின்ஹுவா லியு குழு தொழில்முறையாளர்களையும் மாணவர்களையும் ஒப்பிட்டபோது நினைவளவில் வித்தியாசமே இல்லை. இருந்தும் மொழிபெயர்ப்பில் தொழில்முறையாளர்கள் தெளிவாக மேலே நின்றார்கள். அவர்கள் அதிகம் நினைவில் வைக்கவில்லை. எது முக்கியம், எதை விடலாம் என்பதை நன்றாகத் தேர்ந்தெடுத்தார்கள்.

லியுவின் பக்கம்தான் நான் சாய்வேன். பெரிய பானை கிடைப்பது அதிர்ஷ்டம். எதைப் பானையில் போடக் கூடாது என்று தெரிவதுதான் பயிற்சி.

அரை மணிக்கு ஒருமுறை ஏன் ஆள் மாறுகிறார்கள்?

அதற்கு மேல் போனால் தரம் சரிவதும், சரிவது தமக்கே தெரியாமல் போவதும்தான் காரணம். 1998இல் பார்பரா மோசர்-மெர்சரும் சக ஆய்வாளர்களும் ஒரு முன்னோட்ட ஆய்வில் ஐந்து மொழிபெயர்ப்பாளர்களை, தரம் குறைகிறது என்று தாங்களே உணரும்வரை தொடரச் சொன்னார்கள். அரை மணி தாண்டியதும் பொருட்பிழைகள் கூடின. ஆனால் பேசியவர்கள் அதை உணரவே இல்லை. தன் பேச்சைத் தானே கண்காணிப்பதும் அதே பானையிலிருந்து எடுக்கிற வேலைதானே. சுமை கூடும்போது முதலில் பட்டினி கிடப்பது அந்தக் கண்காணிப்பாளர். அதனால் 'இன்னும் பத்து நிமிடம் தாங்குவேன்' என்று அவரே சொன்னாலும் நம்பாமல் மைக்கை வாங்கிக்கொள்வது நல்லது.

மெதுவாகப் பேசச் சொன்னால் போதுமா?

உதவும். ஜெர்வர் 1969இல் நிமிடத்துக்கு 95 சொல்லிலிருந்து 164 சொல்வரை வேகத்தை ஏற்றிப் பார்த்தார். 95 முதல் 120 வரை சமாளித்தார்கள். அதற்கு மேல் பின்தங்கலும் விடுபடலும் கூடின. நாஜித் தலைவர்கள் மீதான நியூரம்பெர்க் விசாரணையிலேயே பேச்சாளருக்கு இதற்கு விளக்கு வைத்திருந்தார்கள்: மஞ்சள் எரிந்தால் மெதுவாக, சிவப்பு எரிந்தால் நிறுத்து.

ஆனால் சொல்லின் எண்ணிக்கை மட்டும் கணக்கல்ல. எழுதி வைத்த உரையை மெதுவாக வாசித்தாலும் அதில் சொற்செறிவு அதிகம், தயக்கம் இல்லை, திரும்பச் சொல்வது இல்லை. யோசித்து யோசித்துப் பேசுபவர் வேகமாகப் பேசினாலும் அவரோடு ஓடிவிடலாம்.

நான் பேசப்போகிற கூட்டத்தில் மொழிபெயர்ப்பு இருக்கிறது. என்ன செய்யட்டும்?

வாசிக்கப்போவதாக இருந்தால் உரையை முந்தைய நாளே பூத்துக்குக் கொடுங்கள். குறைந்தது எண்களும் பெயர்களும் உள்ள ஒரு தாளையாவது. மேலே பார்த்த வாக்கியத்தை, 'நிபுணர் குழுவின் பரிந்துரையை நாங்கள் ஏற்கவில்லை. அவர்கள் சொன்னது 34 லட்சம் டன்' என்று இரண்டாகப் பேசுங்கள். எண்ணைச் சொன்னதும் இரண்டு வினாடி நிறுத்துங்கள். நிறுத்தியது உங்களுக்கு நீளமாகத் தோன்றும், மண்டபத்தில் யாரும் கவனிக்க மாட்டார்கள்.